காவிரியைப் பற்றி எழுதக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு உங்கள் ஆலோசகர் ஓர் அறிவுரை வழங்கியிருந்தார். "அரசியல், மதம், சர்ச்சை மூன்றும் உங்கள் கட்டுரையின் பக்கமே வரக்கூடாது." இந்த ஒரு வரியைக் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். அன்று மாலையே எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெற்றோர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எழுதி வைத்திருந்ததை அழிக்கவேண்டுமா என்று கேட்டார்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் கட்டுரைக்கு ஏழு தலைப்புகள் தருகிறார்கள். ஒன்றைத் தேர்ந்து 650 சொற்களுக்குள் எழுதவேண்டும். மூன்றாவது தலைப்பு என்ன? ஒரு நம்பிக்கையையோ கருத்தையோ நீங்கள் கேள்வி கேட்ட, அல்லது எதிர்த்து நின்ற ஒரு சமயத்தைப் பற்றி எழுதுங்கள். அப்படி எண்ணத் தூண்டியது எது, அதன் விளைவு என்ன என்பதுதான். ஹார்வர்டு 2024ஆம் ஆண்டு விண்ணப்பத்தில், ஒருவரோடு நீங்கள் கடுமையாகக் கருத்து வேறுபட்ட சமயத்தை 150 சொற்களில் எழுதச் சொன்னது. கருத்து வேறுபாட்டைப் பற்றிக் கல்லூரியே கேட்கிறது. உங்கள் ஆலோசகர் வாயை மூடு என்கிறார். அவர் அந்தக் கேள்விகளைப் படித்துவிட்டுத்தான் எழுதினாரா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. பல வருடங்களாக உங்கள் சந்தாதாரர் நான்.

வாயை மூடிக்கொண்டிரு என்பது பெங்களூர்த் தமிழர்களுக்குப் புதிய அறிவுரை அல்ல. எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் வரை பதினெட்டு வருடம் மூடியே கிடந்தது. அந்த வழியாகத்தான் நான் பள்ளிக்கு நடந்து போனேன். பேசினால் வம்பு, எழுதினால் வம்பு என்று சொல்லியே ஒரு தலைமுறையை வளர்த்தோம். அதன் பேரப்பிள்ளைகளுக்கும் அதையே அச்சடித்துக் கொடுக்கிறீர்கள்.

என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக் கலவரத்தில் இந்த நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாக எரிந்தபோது அவன் நான்காம் வகுப்பு. தாத்தா மன்னார்குடிப் பக்கம் விவசாயி. 2024இல் கட்டுரை எழுத உட்கார்ந்தவன், காவிரியைப் பற்றித்தான் எழுதுவேன் என்றான். முதல் வரைவு 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தொடங்கியது. பிறகு 1924 ஒப்பந்தம், 2007 நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பாதிக் கட்டுரை முடிந்த பிறகும் 'நான்' என்ற சொல் வரவில்லை. எரிந்த பஸ்கள் இருந்தன. அதே நாளில் சென்னையில் கன்னடர் ஒருவரின் ஹோட்டல் தாக்கப்பட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படிப்பவர் அயோவாவிலோ ஓஹையோவிலோ உட்கார்ந்திருக்கிறார். அவர் காவிரி வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, இந்தப் பையனைத் தன் வகுப்பறையில் உட்கார வைக்கலாமா என்றுதான் பார்க்கிறார். அந்த வரைவில் அவருக்குப் பையன் கிடைக்கவில்லை.

பெற்றோர் பெருந்தொகை கட்டி ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் போனார்கள். அங்கே உங்கள் ஆலோசகர் சொன்னதையே சொல்லி, காவிரியை முழுவதுமாக எடுத்துவிட்டு, ஏழைக் குழந்தைகளுக்கு அவன் ஆங்கிலம் கற்பித்ததாக எழுத வைத்தார்கள். இரண்டு சனிக்கிழமை போயிருப்பான். பிழையில்லாத கட்டுரை. அந்த வருடம் அதே கட்டுரையை வேறு மாணவர்களின் பெயரிலும் பார்த்தேன். ஊரும் குழந்தைகளின் எண்ணிக்கையும்தான் மாறியிருந்தன. உங்கள் இணைப்பில் வருடா வருடம் 'மாதிரிக் கட்டுரை' என்று வெளியிடுவதும் ஏறக்குறைய இதுவேதான். இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாகச் சுருக்கி, பாராட்டு போலத் தோன்றும்படி வெளியிட்டீர்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: அன்று உன் கையில் என்ன இருந்தது? யோசித்துச் சொன்னான். அப்பா தன் பைக்கின் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய திருகாணிகளை இவன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா, வண்டியைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, பழைய போர்வையால் மூடினார். கட்டுரை அங்கே தொடங்கியது. தகராறு என்ன என்பதற்கு இரண்டே வாக்கியம்: இரு மாநிலங்கள் ஒரு நதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன, மழை பொய்க்கும் வருடங்களில் சண்டை வருகிறது. ஆண்டுகளும் ஒப்பந்தங்களும் போய்விட்டன.

அடுத்து 2023 செப்டம்பர். மறுபடியும் பந்த். மண்டியாவிலிருந்து வந்து இவனோடு படித்த நண்பன், "எங்கள் கால்வாயை அடைத்துவிட்டு உங்களுக்குத் திறக்கிறார்கள், என் மாமாவின் கரும்பு காய்கிறது" என்றான். இவன் கோபத்தோடு புள்ளிவிவரம் தேடப் போனான். 2018 தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்று படித்தான். தன் தாத்தாவிடமிருந்து பிடுங்கியதாக இத்தனை காலம் நினைத்திருந்த தண்ணீரில் ஒரு பங்கு தன் வீட்டுக் குழாயில் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தாத்தாவுக்குப் போன் செய்தான். "நீ குடிக்கிறதை யார் கணக்குப் பார்த்தது? ஜூன் பன்னிரண்டுக்கு மேட்டூர் திறந்தால்தான் எனக்குக் குறுவை" என்றாராம் அவர்.

கடைசிப் பத்தியில் எது மாறியது, எது மாறவில்லை என்று அவன் பிரித்து எழுதினான். டெல்டாவுக்கு உரிய தண்ணீரை மாதக் கணக்குப்படி திறக்கவேண்டும் என்ற கருத்தை விடவில்லை. வறட்சி வருடத்தில் எதிர்ப்பக்கம் காய்வதும் ஒரு தாத்தாவின் வயல்தான் என்பதைச் சேர்த்துக்கொண்டான். 'அவர்கள்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'என் நண்பன்', 'பக்கத்து வீட்டு அம்மா' என்று ஆளைக் குறிப்பிட்டான். நண்பனின் வாதத்தை நண்பனே சொல்வதைவிட வலுவாக எழுது என்று மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். பிறகு அதை என்னோடு வேலை பார்த்த கன்னட ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தேன். "கடைசிப் பத்தியை நான் ஏற்கமாட்டேன். ஆனால் இந்தப் பையன் என் வகுப்பில் இருந்தால் சந்தோஷப்படுவேன்" என்றார். எதிர்க்கருத்து உள்ள ஒருவர் இப்படிச் சொன்னால் அந்தக் கட்டுரையை அனுப்பலாம். முகம் சுளித்தால் திருத்தவேண்டும்.

ஒரு கல்லூரி அவனை எடுத்துக்கொண்டது, சில மறுத்தன. கட்டுரையால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படி யாராலும் நிரூபிக்க முடியாது. விளம்பரத்தில் அப்படிச் சொல்பவர்களை நீங்களும் வெளியிடாதீர்கள்.

மதத்துக்கும் இதே வழிதான். சிவாஜிநகரில் ஒரு மாணவி, ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்ததை எழுதியிருந்தாள். 'நோன்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சமூக உணவுத் திட்டம்' என்று போடச் சொன்னார்களாம். அழுதுகொண்டே வந்தாள். தன் மார்க்கம்தான் உயர்ந்தது என்று அவள் எங்கேயும் வாதாடவில்லை. மாலை நேரத்தில், தானும் பட்டினியாக, தூக்குவாளியோடு நடந்ததைத்தான் எழுதினாள். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

எல்லோரும் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் கேட்ட கருத்தை, தன் வாழ்க்கையில் ஒரு நாளும் தொடாத விஷயத்தை எழுதினால் அது மேடைப்பேச்சுதான், விட்டுவிடலாம். கட்சித் தலைவர்களைப் புகழ்வதும் திட்டுவதும் 650 சொற்களில் பையனுக்கு இருக்கும் இடத்தைத் தின்றுவிடும். பிரிட்டனில் கதையே வேறு. அங்கே யூகாஸ் விண்ணப்பத்தில் மொத்தம் 4,000 எழுத்துகள், படிக்கப்போகும் பாடத்தைச் சுற்றியே கேள்விகள். நீர்வளப் பொறியியலுக்கோ அரசியல் படிப்புக்கோ விண்ணப்பித்தால் காவிரிக்கு அங்கே வேலை உண்டு, பல் மருத்துவத்துக்கு இல்லை. இந்த வேறுபாட்டை விளக்க உங்கள் ஆலோசகருக்கு ஒரு பத்தி போதுமே!

பெற்றோரின் உண்மையான பயம் விசா. அதையும் குழப்பிவிட்டார்கள். கட்டுரை கல்லூரிக்குப் போகிறது. அமெரிக்க விசாப் படிவம் அதைக் கேட்பதில்லை. படிவம் கேட்பது கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயர்களை. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கு அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். நிதானமாக நாலு முறை திருத்திய கட்டுரையிலிருந்து காவிரியை நீக்கிவிட்டு, பந்த் அன்று ராத்திரி கோபத்தில் போட்ட பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஆலோசகருக்கு எதற்குப் பணம்?

என் கோரிக்கை சிறியதுதான். அடுத்த இணைப்பில் காமன் ஆப்பின் ஏழு தலைப்புகளையும் முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். மூன்றாவதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். பல கல்லூரிகளுக்கு முதல் கெடு நவம்பர் 1 என்பதால், தாமதிக்காமல் செய்யவேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் நம்பர் பிளேட்டையும் தூக்குவாளியையும் வெட்டாதீர்கள். என்னைப் பற்றிய பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு