வீட்டுக் கடன் அனுமதிக் கடிதத்தின் தமிழாக்கம் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுமத்தின் உறுப்பினர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வங்கிக் கடன் ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். உங்கள் உறுப்பு வங்கிகளின் கிளைகள் வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் தமிழ் அனுமதிக் கடிதங்கள் மாதந்தோறும் என் மேசைக்கு வருகின்றன. கையில் இருப்பது தமிழாக இருந்தும் பொருள் விளங்காததால்தான் அவர்கள் என்னிடம் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு கடிதத்தை முன்வைத்தே இம்மடலை எழுதுகிறேன்.

மதுரையில் 38 லட்ச ரூபாய்க்குப் பழைய வீடு ஒன்றை வாங்க 4 லட்சம் முன்பணம் கொடுத்து, 45 நாளில் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தார் ஓர் அம்மையார். அவர் கேட்ட 30 லட்சத்துக்கு வந்த தமிழ்க் கடிதத்தின் முதல் வரி, "தங்களுக்கு ரூ.30,00,000 வீட்டுக் கடன் வழங்கப்பட்டுள்ளது" என்றிருந்தது. ஆங்கில மூலத்தில் இருந்ததோ சாங்ஷன் என்ற சொல். கடன் தர வங்கி இசைந்துள்ளது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பணம் கைமாறுவதைக் குறிக்கும் டிஸ்பர்ஸ்மென்ட் என்ற சொல் வந்த இடங்களிலும் அதே கடிதம் "கடன் வழங்குதல்" என்றே எழுதியிருந்தது. அதனால் "கடன் வழங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் கடன் வழங்கப்படாவிடில் இக்கடிதம் செல்லாது" என்று ஒரு வாக்கியம், படித்தவர் எவரும் பொருள் கொள்ள முடியாதபடி நின்றது. "கடன் கொடுத்தாச்சுன்னுதானே சார் எழுதியிருக்கு?" என்று அவர் அந்த முதல் வரியில் விரலை வைத்துக் கேட்டார். அந்த வரியை நம்பி, விற்பவரிடம் பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்துவிட்டிருந்தார்.

பட்டுவாடாவுக்கு முந்தைய நிபந்தனைகள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தன. விற்பவருக்கு அந்த வீடு தந்தை வழியில் வந்தது என்பதால், தாய்ப்பத்திரத்தின் அசல், வாரிசுச் சான்று, வாரிசுகள் அனைவரின் கையெழுத்து ஆகியவை கிடைத்து, வங்கி வக்கீல் சட்டக் கருத்து தந்த பின்னரே பணம் வெளிவரும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. ஆங்கிலத்தில் "பிறகுதான்" என்ற கட்டு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில்தான் வரும். மொழிபெயர்த்தவர் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி, "கடன் வழங்கப்படும். கீழ்க்கண்டவை சமர்ப்பிக்கப்பட வேண்டும்" என்று இரண்டாக்கியதில் எது முந்தி, எது பிந்தி என்பதே போய்விட்டது. நிபந்தனை, சாதாரணக் கோரிக்கையாக மாறிப்போனது. விற்பவரின் சகோதரி வெளியூரிலிருந்து வந்து கையெழுத்திட மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஒப்பந்தக் கெடு முடிந்து, முன்பணம் போய்விடுமோ என்று அந்தக் குடும்பம் தவித்த தவிப்பை நான் நேரில் பார்த்தேன்.

அதே பக்கத்தில் "விளிம்புத் தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும்" என்றும் இருந்தது. மார்ஜின் என்பதை விளிம்பு என்றாக்கியிருக்கிறார்கள். விலை 38 லட்சம், கடன் 30 லட்சம் என்றால் மீதி 8 லட்சமே வாங்குபவரின் சொந்தப் பங்கு. அதில் முன்பணம் போக எஞ்சிய 4 லட்சத்தை விற்பவருக்குக் கொடுத்து, ரசீதை வங்கியில் காட்டினால்தான் வங்கியின் வரைவோலை வரும். யாரிடம் செலுத்துவது என்ற சொல்லே தமிழில் விடுபட்டதால், அதை வங்கிக்குக் கட்டும் ஏதோ கட்டணம் என்று எண்ணிய அவர், எஞ்சிய தொகையைப் பதிவு நாளுக்கென்று வீட்டிலேயே வைத்திருந்தார்.

வட்டிப் பகுதியில் நேர்ந்த பிழை நுட்பமானது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இருந்தது, ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ 5.50, அதன்மேல் வங்கி சேர்க்கும் ஸ்பிரெட் 3.00, ஆக 8.50 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசெட் என்பது. தமிழில் ஸ்பிரெட் "பரவல்" ஆகவும், ரீசெட் "மறுசீரமைப்பு" ஆகவும் வந்திருந்தன. மறுசீரமைப்பு என்பது தவணை கட்ட முடியாமல் தவிப்பவரின் கடனை வங்கி மாற்றியமைப்பதற்கு வழங்கும் சொல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடன் மறுசீரமைக்கப்படும் என்று படிப்பவர், தனக்கு ஏதோ சலுகை காத்திருப்பதாக நினைப்பார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன். அந்தத் தவறு புரிந்த நாளிலிருந்து "மாற்றி நிர்ணயிக்கப்படும்" என்றே எழுதுகிறேன்.

வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறை. ரெப்போவை அளவுகோலாகக் கொண்ட கடனில் ரெப்போ மாறினால் வட்டியும் மாறும். 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் 6.50 ஆக இருந்த ரெப்போ ஜூனில் 5.50 ஆனதுபோல் இறங்கவும் செய்யும், அதே வழியில் ஏறவும் செய்யும். 30 லட்சத்துக்கு 20 ஆண்டு, 8.50 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி அரை சதவீதம் ஏறினால் தவணை ஏறத்தாழ 960 ரூபாய் கூடும். தவணையைக் கூட்டாமல் விட்டால் 240 மாதக் கடன் சுமார் 267 மாதமாக நீளும். இந்த இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் பெறுபவருக்குத் தரும்படி ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. "பரவல்", "மறுசீரமைப்பு" என்று படித்தவருக்கு அப்படியொரு தேர்வு இருப்பதே தெரிய வழியில்லை.

கட்டணப் பகுதியில் பரிசீலனைக் கட்டணம் அரை சதவீதம், அதாவது 15,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,700 ரூபாய் என்பது சரியாகவே இருந்தது. அடுத்த வரியில் மட்டும் "சட்ட மற்றும் மதிப்பீட்டுக் கட்டணங்கள் உண்மையாக வசூலிக்கப்படும்" என்றிருந்தது. வக்கீலுக்கும் மதிப்பீட்டாளருக்கும் ஆகும் செலவு எவ்வளவோ அவ்வளவு வசூலிக்கப்படும் என்பதே அதன் பொருள். இத்தகைய மூன்றாம் தரப்புச் செலவுகளையும் தனித்துக் காட்டி, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு மொத்தச் செலவு வீதத்தில் சேர்த்து, ரசீதும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கையின் விதி.

அதே சுற்றறிக்கைதான், 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு, கடனின் முக்கிய விவரங்களைச் சுருக்கிக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தந்து, விளக்கி, புரிந்துகொண்டதாக ஒப்புதல் பெறச் சொல்கிறது. மேற்சொன்ன தமிழில் எழுதிய தாளில் வாங்கும் கையெழுத்து அந்த விதியை நிறைவேற்றியதாகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே குழுமத்திடம் நான் வேண்டுவது இது. சாங்ஷனுக்கு "அனுமதி", டிஸ்பர்ஸ்மென்டுக்கு "பட்டுவாடா", மார்ஜினுக்கு "சொந்தப் பங்கு", ஸ்பிரெட்டுக்கு "அளவுகோலுக்கு மேல் வங்கி சேர்க்கும் வட்டி" என, கிளைக்குக் கிளை மாறாத சொற்பட்டியல் ஒன்றை உறுப்பு வங்கிகளுக்கு வகுத்துக் கொடுங்கள். பட்டுவாடாவுக்கு முந்தைய நிபந்தனைகளை மூன்றாம் பக்கத்திலிருந்து எடுத்து, அனுமதித் தொகைக்கு நேர் கீழே, "இவை முடிந்த பிறகே பணம் தரப்படும்" என்ற தலைப்பில், நடக்க வேண்டிய வரிசையிலேயே அச்சிடச் செய்யுங்கள். தமிழ்ப் படியின் அடியில் "ஐயம் எழுந்தால் ஆங்கிலப் படியே செல்லும்" என்று அச்சிடும் வழக்கம் தொடருமானால், தமிழ்ப் படியை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த அலுவலரின் பெயரும் கையெழுத்தும் அதன் அருகிலேயே இருக்கட்டும். என்னிடமுள்ள கடிதங்களைப் பெயர், கணக்கு எண் நீக்கி, பிழைகளைக் குறித்து, குழுமத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கடன் ஆவண மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
மதுரை