திருட்டு கார்டு, முடக்கிய கணக்கு, என் மேல் விழுந்த 48,350 ரூபாய்

சின்னாளபட்டி,
05.07.2025

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: முடக்கப்பட்ட விளம்பரக் கணக்கு, என் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்ட 48,350 ரூபாய் – புகார்

வணக்கம்.

நான் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறவன். கடை என்று தனியாக எதுவும் இல்லை. வீட்டு முன்னறையில் நானும் என் மனைவியும் மடித்து, பார்சல் போட்டு அனுப்புகிறோம். ஆறு வருடமாக உங்கள் தளத்தில் விளம்பரம் கொடுத்து வருகிறேன். ஒரு நாளைக்கு 300 ரூபாய், அதற்கு மேல் போனதில்லை. மாதக் கடைசியில் எட்டரை, ஒன்பதாயிரம் என் கிரெடிட் கார்டிலிருந்து போகும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஜூன் 12 வியாழன் இரவு நடந்ததை என் கணக்கின் செயல்பாட்டுப் பதிவே வரிசையாகக் காட்டுகிறது. அதன் படங்களை இணைத்திருக்கிறேன். 11.52க்கு 4471 என்று முடியும் கார்டு ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டு, முதன்மைக் கார்டாக மாற்றப்படுகிறது. 2086 என்று முடியும் என் கார்டு பேக்கப் கார்டாகக் கீழே இறங்குகிறது. 11.58க்கு இரண்டு புது விளம்பரங்கள், ஒவ்வொன்றுக்கும் தினசரி பட்ஜெட் 40,000 ரூபாய். உடல் இளைக்கும் மாத்திரை விளம்பரம், ஆங்கிலத்தில், நான் இதுவரை ஒரு சேலைகூட அனுப்பாத வெளிநாட்டுக்கு.

இதைச் செய்தது முன்பு எனக்குப் படங்கள் வடிவமைத்துக் கொடுத்த தம்பியின் லாகின் வழியாக. காப்புரிமை மீறல் என்று வந்த போலி மெயிலை நம்பி அவர் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்த பிறகும் அவரை அட்மின் பட்டியலிலிருந்து நான் நீக்கவில்லை. அது என் கவனக்குறைவு, மறைக்கவில்லை. ஆனால் என் கார்டு எண்ணையோ ஓடிபியையோ நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. அவரிடம் அவை இருந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததுதான் என் சண்டையின் மையம். என் கணக்கில் பில்லிங் வரம்பு 10,000 ரூபாய். செலவு அதைத் தொட்டதும் உங்கள் கணினி கார்டிலிருந்து பணம் எடுக்கும். காலையில் இரண்டு தடவை 4471லிருந்து எடுத்தது. மதியம் அந்தக் கார்டு மறுக்கப்பட்டது, உரிமையாளர் தடை போட்டிருப்பார். அந்த இடத்தில் விளம்பரம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பேக்கப் கார்டு என்ற பெயரில் என் கார்டுக்குத் தாவி, மாலை 4.10க்கும் இரவு 9.35க்கும் இடையில் நான்கு முறை பத்தாயிரம், கடைசியாக 8,350 என எடுத்தது. ஆறு வருடத்தில் ஒரு மாதத்தில்கூட பத்தாயிரத்தைத் தொடாத கணக்கு, ஒரே நாளில் ஆறு தடவை தொட்டிருக்கிறது. உங்கள் கணினிக்கு இது வித்தியாசமாகப் படவில்லை. ஒவ்வொரு தொகையும் 15,000க்குக் கீழே என்பதால் எனக்கு ஓடிபியும் வரவில்லை. வங்கியிலிருந்து முன்கூட்டியே வரவேண்டிய அறிவிப்பு ஏன் வரவில்லை என்பதை நான் வங்கியோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இரவு பத்து மணிக்குக் கணக்கை முடக்கினீர்கள். காரணம்: அனுமதியில்லாத கார்டு பயன்படுத்தப்பட்டது.

சரி, நல்லது. ஆனால் மோசடி நடந்தது என்று நீங்களே முடிவு செய்து கணக்கை மூடிவிட்டு, அதே மோசடிக்கு ஆன செலவை எப்படி என் பில் என்கிறீர்கள்? முடக்குவதற்கு அது திருடனின் வேலை, வசூலிப்பதற்கு மட்டும் என் வேலையா?

மறுநாள் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. இருந்தாலும் காலை ஏழு மணிக்கே வங்கியின் தொலைபேசி சேவையில் கார்டைத் தடை செய்து, ஐந்து தொகைகளுக்கும் டிஸ்ப்யூட் போட்டேன். பிறகு 1930க்கு அழைத்துச் சொல்லிவிட்டு cybercrime.gov.in தளத்திலும் பதிந்தேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கி மீதும் என் மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் எனக்குப் பொறுப்பு பூஜ்யம். உங்கள் பதிலுக்காகக் காத்திருந்திருந்தால் அந்த நாட்கள் கைவிட்டுப் போயிருக்கும். ஜூன் 25 அன்று வங்கி பணத்தைத் தற்காலிகமாக வரவு வைத்தது. இறுதி முடிவுக்கு அவர்களுக்கு 90 நாள் உண்டு. அதற்குள் நீங்கள் எதிர்த்து ஆவணம் கொடுத்து அது ஏற்கப்பட்டால், பணம் மறுபடியும் என் பில்லில் ஏறும்.

அப்படித்தான் செய்துகொண்டும் இருக்கிறீர்கள். ‘விளம்பரம் கணக்கு உரிமையாளரின் பெயரில் ஓடியது’ என்று இன்வாய்ஸ்களை அனுப்பியிருப்பதாக வங்கியில் சொன்னார்கள். உங்கள் சாட் உதவியாளரோ, 48,350 நிலுவை இருக்கிறது, வங்கியில் போட்ட டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்கி அதைக் கட்டினால்தான் கணக்கைப் பரிசீலிக்க முடியும் என்றார். வாபஸ் வாங்கினால் பணம் போகும், வாங்காவிட்டால் கணக்கு போகும். இந்தப் பேரத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். என் ஆதாரைக் கேட்டார்கள், கொடுத்தேன். அப்புறம் ‘கணக்கில் பயன்படுத்திய கார்டின் முன்பக்கப் படம், கடைசி நான்கு எண் 4471’ என்று கேட்டார்கள். அந்தக் கார்டை நான் கண்ணால் பார்த்ததில்லை, அது என்னுடையது இல்லை என்பதுதானே என் புகார்! 2086இன் படத்தை அனுப்பினேன். ‘ஆவணம் பொருந்தவில்லை’ என்று ஜூன் 20 அன்று முறையீட்டை மூடிவிட்டார்கள். திருட்டு கார்டு கையில் இருப்பவன் மட்டுமே நிரபராதி என்று நிரூபிக்க முடிகிற படிவம் அது.

நான் கேட்பது இவைதான். ஐந்து தொகைகளும் மோசடி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, வங்கிக்கு அனுப்பிய எதிர்ப்பைத் திரும்பப் பெறுங்கள். நிலுவை என்று காட்டும் 48,350ஐ நீக்குங்கள். பிறகு என் கணக்கைத் திறந்து, 4471 கார்டையும் அந்தத் தம்பியின் அனுமதியையும் நீக்கிவிட்டு என் கையில் கொடுங்கள். ஜூலை 17 ஆடி முதல் நாள். வருடத்தில் எங்களுக்கு நாலு காசு சேரும் மாதம் அது. ஆறு வருடத்தில் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் அந்தப் பூட்டுக்குள் கிடக்கிறது. இன்னொன்று, 4471 யாருடையதோ, அவருடைய 20,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அவருக்கும் என் கதைதான் நடந்திருக்கும்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தக் கடிதம் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, 15 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டியது உங்கள் கடமை. இல்லையென்றால் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கும், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். வணிகக் கணக்கு, நுகர்வோர் அல்ல என்று சொல்வீர்கள் என்று தெரியும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு இருக்கிறது. முன்னறையில் இரண்டு பேர் சேலை மடிப்பது சுயதொழில் இல்லையென்றால் வேறு எது என்று அங்கே கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைச் சாட்டில் வேண்டாம், மெயிலில் அனுப்புங்கள். சாட் ஜன்னலை மூடினால் பேசியதெல்லாம் மறைந்துவிடுகிறது.

இப்படிக்கு,
கணக்கின் உரிமையாளர்

இணைப்பு: செயல்பாட்டுப் பதிவின் படங்கள், ஆறு பக்கம்; வங்கி டிஸ்ப்யூட் ரசீது; சைபர் குற்றப் புகார் ரசீது; மே மாத பில்