கண்டென்சரை அளக்காமலே மோட்டாரை மாற்றச் சொன்னது பற்றிய புகார்

அனுப்புநர்
தங்கள் நிறுவனத்தின் மின்விசிறி வாங்கிய வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள சீலிங் ஃபேனின் பழுதைத் தவறாகக் கணித்து, மோட்டாரை மாற்றச் சொல்லிக் கட்டணம் வசூலித்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தங்கள் மின்விசிறிக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. கோடை தொடங்கியபோது அது வேகம் எடுக்க வெகுநேரம் பிடித்தது. பிறகு சுவிட்சைப் போட்டால் உறுமலோடு அப்படியே நின்றது. இறக்கையைத் தள்ளிவிட்டால்தான் சுழன்றது. பகலில் வீட்டில் தனியாக இருக்கும் என் தாயார் கட்டில் மேல் ஏறித் துடைப்பக் கட்டையால் அதைத் தள்ளிவந்தார். அந்த வயதில் அவர் தவறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

தாங்கள் அனுப்பிய பணியாளர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், மோட்டார் உடலைத் தொட்டுப் பார்த்தார், "வைண்டிங் போய்விட்டது, மோட்டாரை மாற்ற வேண்டும்" என்றார். வைண்டிங் பழுது உத்தரவாதத்தில் வராது என்று சொல்லி 1,450 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதினார். வருகைக் கட்டணமாக 350 ரூபாயும் வாங்கிக்கொண்டார். மேலே உள்ள கப்பை அவர் இறக்கவே இல்லை. மீட்டரும் கொண்டுவரவில்லை.

இந்த வகை மோட்டாரில் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்றுக்கு மின்சாரம் நேராகப் போகிறது; மற்றொன்றுக்குக் கண்டென்சர் வழியாகப் போகிறது. கண்டென்சர் அந்த இரண்டாவது காயிலின் மின்னோட்டத்தைச் சற்று முன்னதாக நகர்த்துவதால்தான் காந்தப்புலம் சுழன்று இறக்கையைக் கிளப்புகிறது. கண்டென்சர் வலுவிழந்தால் கிளப்பும் விசை குறைந்துவிடும். ஆனால் ஒருமுறை தள்ளிவிட்டால் முதல் காயில் மட்டுமே ஓரளவு ஓட்டிக்கொண்டிருக்கும். தள்ளினால் ஓடுகிற விசிறியைப் பார்த்ததும் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சரைத்தான். இரண்டாவது காயில் அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

அதை எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் செய்தார். சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றினார். சத்தமின்றி நெடுநேரம் சுற்றி, மெல்ல நின்றது. ஆகவே பேரிங் இறுகவில்லை. ரெகுலேட்டரை விலக்கி நேரடி இணைப்புக் கொடுத்தார். அப்போதும் தள்ள வேண்டியிருந்தது. ஆகவே குறை ரெகுலேட்டரில் இல்லை. இணைப்பு முனையில் 228 வோல்ட் இருந்ததால் மின்னழுத்தக் குறைவும் இல்லை. அடுத்து மெயின் சுவிட்சை அணைத்து, கப்பை இறக்கி, கண்டென்சரில் தேங்கியிருக்கக்கூடிய மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்தார். வயரைக் கழற்றிய பிறகே மீட்டரில் வைத்தார்.

அதன் மேல் அச்சிட்டிருந்தது 2.5 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று. அதன்படி ஏறத்தாழ 2.4-க்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் காட்டியதோ 0.7. வெளியே வீக்கமோ கருகலோ எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் உலோகம் பூசிய மெல்லிய படலம் சிறுகச் சிறுகத் தேய்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது என்றார் அவர். இரண்டு காயில்களிலும் தொடர்ச்சி இருப்பதையும் அளந்து காட்டினார்.

அதே 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் அளவில் புதிய கண்டென்சரை 70 ரூபாய்க்கு வாங்கிப் போட்டோம். இப்போது ரெகுலேட்டரை 1-இல் வைத்தாலும் விசிறி தானாகவே கிளம்புகிறது, பழைய வேகமும் வந்துவிட்டது. வைண்டிங் போயிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் மின்னோட்டம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றில் ஆறவும் வழியில்லை. கண்டென்சரைக் கவனிக்காமல் விட்டிருந்தால், கெடாத வைண்டிங்கும் சூட்டில் கெட்டிருக்கும்.

ஆகவே வருகைக் கட்டணம் 350 ரூபாயையும், உத்தரவாதக் காலத்திலேயே செயலிழந்த கண்டென்சரின் விலை 70 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். பணிச்சீட்டில் எழுதிய 'வைண்டிங் பழுது' என்ற பதிவை நீக்க வேண்டும்; அது இருந்தால் மீதி உத்தரவாதத்தை எனக்கு மறுத்துவிடுவீர்கள். "தள்ளினால்தான் சுற்றுகிறது" என்ற புகாருக்குச் செல்லும் பணியாளர் கண்டென்சர் அளக்கும் மீட்டரும் மாற்றுக் கண்டென்சரும் இல்லாமல் கிளம்பக் கூடாது. என் தாயாரைப் போல் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதே மதிப்பீட்டை நீட்டினால் அவர்கள் நம்பிப் பணம் கொடுத்துவிடுவார்கள்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்.

இணைப்பு: வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, பணிச்சீட்டு, மதிப்பீடு, கண்டென்சர் ரசீது ஆகியவற்றின் நகல்கள், மீட்டர் அளவின் ஒளிப்படம். பழைய கண்டென்சர் என்னிடம் உள்ளது, கேட்டால் தருகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்