மைக்ரான் கணக்கும் மக்கும் பையும்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கு,

பிளாஸ்டிக் கைப்பைகளின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றும் உயர்த்தப்பட்டது. பல முறை பயன்படுத்தத் தக்க உறுதி பைக்கு வேண்டும் என்பதே இதன் நோக்கம். தமிழ்நாட்டில் 2019 முதலே எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பைக்கு இடமில்லை. ஆயினும் இந்த எண் நடைமுறையில் இருக்கும் இடங்களில், அது அளக்கப்படும் விதம் எனக்குக் கவலை தருகிறது.

விதி சொல்லும் தடிமன் ஒற்றைப் படலத்துக்கு உரியது. தட்டையாக மடிந்து கிடக்கும் பையை அப்படியே அளவியில் வைத்தால் இரண்டு படலங்கள் சேர்ந்து அளக்கப்படுவதால், 60 மைக்ரான் பைகூட 120 என்று காட்டிவிடும். அளவி இல்லாத கடைக்காரர் சாதாரணத் தராசிலேயே இதைச் சரிபார்க்கலாம். பக்க மடிப்பு இல்லாத, 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட பையின் இரு முகங்களும் சேர்ந்து 2,400 சதுர செ.மீ. ஆகும். பாலித்தீனின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு ஏறத்தாழ 0.92 கிராம் என்பதால், 120 மைக்ரான் பை 26 கிராம் அளவில் இருக்க வேண்டும். 13 கிராமே இருந்தால் அது 60 மைக்ரான் பைதான்.

மக்கும் பைக்கோ இந்தத் தடிமன் விதியே பொருந்தாது. அது மெல்லியதாக இருப்பது இயல்பு. எனவே தடிமனை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் உண்மையான மக்கும் பையைப் பறிமுதல் செய்யவும், பச்சை நிறமும் இலைப் படமும் அச்சிட்ட சாதாரணப் பாலித்தீனை மக்கும் பை என நம்பி விட்டுவிடவும் வாய்ப்புண்டு. ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால் முதல் ஐயம் தீரும். வழக்கமான மக்கும் கலவைகள் தண்ணீரைவிடக் கனமானவை என்பதால் மிதக்கும் துண்டு அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் சுண்ணப்பொடி மிகுதியாகக் கலந்த பாலித்தீனும் மூழ்கும் என்பதால், மூழ்குவது மட்டும் சான்றாகாது. சான்று, பையில் அச்சிட்டிருக்க வேண்டிய உற்பத்தியாளர் பெயரிலும் உங்கள் வாரியம் வழங்கிய சான்றிதழ் எண்ணிலும்தான் இருக்கிறது.

மக்கும் என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 17088 ஏறத்தாழ 58 டிகிரி செல்சியசில் இயங்கும் உரக்கூடச் சூழலையே கருதுகிறது. அந்த வெப்பம் இல்லாத வீட்டுத் தொட்டியிலோ சாக்கடையிலோ அதே பை நெடுநாள் கிடக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆய்வாளர்கள் ஒற்றைப் படலத்தையே அளக்க வேண்டும் என்று தெளிவாக ஆணையிடுங்கள். பையின் அளவுக்கேற்ற எடைப் பட்டியலை மாநில மொழிகளில் கடைகளுக்குக் கொடுங்கள். சான்றிதழ் எண்ணைக் கைப்பேசியில் உள்ளிட்டால் உற்பத்தியாளரின் பெயரும் சான்று செல்லுமா என்பதும் உடனே தெரியும்படி, எளிய தேடல் வசதியைத் தமிழிலும் தாருங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் ஒருவர்