பொருள்: நேற்று இரவு ஏழு மணிக்கு மேல் வந்த ஆர்டர்கள் அறிக்கையில் இல்லை

வணக்கம்,

நவம்பர் 12-ம் தேதி விற்பனை அறிக்கையை இன்று காலை இறக்கினேன், அதில் 34 ஆர்டர்கள். ஆனால் ஆர்டர் பக்கத்தில் அதே நாளுக்கு 41 இருக்கின்றன. நாங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் பார்சல் கட்டுகிறோம், அதனால் பணம் கட்டிய வாடிக்கையாளர்களின் பொருட்கள் இன்னும் கிளம்பவே இல்லை.

ஏழுதான் விடுபட்டிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இல்லாதவை 12, அத்தனையும் மாலை 7 மணிக்கு மேல் வந்தவை. அதோடு 11-ம் தேதி இரவு வந்த 5 ஆர்டர்கள் உள்ளே நுழைந்திருக்கின்றன. பன்னிரண்டு போய் ஐந்து வந்ததால் மொத்தத்தில் ஏழு மட்டும் குறைந்தது போலத் தெரிகிறது. இத்தனை நாள் நாங்கள் கவனிக்காததற்கும் இதுதான் காரணம், மொத்தம் எப்போதும் நம்பும்படியாகவே இருக்கிறது.

இரவு 7:42-க்கு வந்த ஓர் ஆர்டரை சிஎஸ்வி கோப்பில் தேடினேன். அதன் `created_at` இப்படி இருக்கிறது:

```
2025-11-13T00:42:00Z
```

கடைசியில் இருக்கும் Z என்றால் அது UTC நேரம். எங்கள் கடிகாரம் இப்போது UTC-க்கு 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதனால் எங்களுக்கு மாலை 7 அடித்ததுமே உங்கள் சர்வரில் மறுநாள் பிறந்துவிடுகிறது. ஆர்டர் பக்கம் நேரத்தை மாற்றிக் காட்டுகிறது, அறிக்கை மாற்றாமல் UTC தேதியை வைத்தே வெட்டுகிறது. உறுதி செய்ய 6:58-க்கு ஒன்று, 7:03-க்கு ஒன்று என இரண்டு சோதனை ஆர்டர் போட்டேன், முதலாவது அன்றைய அறிக்கையில் வந்தது, இரண்டாவது வரவில்லை.

உங்கள் உதவிக் குழு அமைப்புகளில் நேர மண்டலத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அது சரியாகத்தான் இருக்கிறது, அறிக்கைதான் அதைக் கண்டுகொள்வதில்லை. எங்கள் 12-ம் தேதி என்றால் சர்வரில் தேட வேண்டியது இது:

```
created_at >= '2025-11-12T05:00:00Z'
created_at <  '2025-11-13T05:00:00Z'
```

சரி, ஐந்து மணி நேரத்தைக் கழித்துவிட்டால் போதும் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும்போது வித்தியாசம் நான்காகிவிடும், மாற்றம் நடக்கும் அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான், திரும்பும் நாளுக்கு 25. நாளின் தொடக்கத்தையும் முடிவையும் என் கணக்கில் பதிந்திருக்கும் மண்டலப் பெயரை வைத்துத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அப்புறம் UTC-க்கு மாற்றுங்கள்.

எனக்கு வேண்டியது இரண்டு. இந்தத் திருத்தம் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அக்டோபர் மாத அறிக்கையையும் சரியான எல்லையோடு மீண்டும் எடுத்துக் கொடுங்கள், ஏனென்றால் 31-ம் தேதி இரவு விற்பனை நவம்பர் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது, வரிக் கணக்கை அப்படியே கொடுக்க முடியாது. பன்னிரண்டு ஆர்டர் எண்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்