ஆய்வேடு எழுதுபவர்கள் கவனத்திற்கு: கோப்பு நகல்கள்

நண்பர்களே, கிளவுடில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சென்ற மாதம் மூன்றாம் இயலில் நாற்பது பக்கங்களைத் தவறுதலாக அழித்துச் சேமித்துவிட்டேன். அடுத்த நிமிடமே வீட்டுக் கணினியிலும் அவை காணாமல் போயின. ஒத்திசைவு, அழித்ததையும் அப்படியே கொண்டுசேர்க்கும்.

என்னைக் காப்பாற்றியது முந்தைய நாள் கோப்பு. தினமும் எழுத உட்கார்ந்ததும், முதல் வேலையாக `iyal3_2025-06-11.docx` என்பதுபோல் அன்றைய தேதியில் புதிய நகல் எடுத்துவிடுகிறேன். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும். கூகுள் டிரைவ், வேர்டு கோப்பின் பழைய பதிப்புகளைப் பொதுவாக 30 நாள்தான் வைத்திருக்கும். தவறு அதற்குப் பிறகு கண்ணில் பட்டால் இந்தத் தேதிக் கோப்புகள்தான் கதி.

மூன்றாவது, இணையத்தில் இல்லாத ஒரு நகல். நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறேன். 2015, 2023 வெள்ளங்களை மறக்க முடியுமா? அதனால் ஹார்டு டிஸ்க் தாம்பரத்தில் அக்கா வீட்டு மாடி அலமாரியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் மடிக்கணினியோடு போய், எல்லாவற்றையும் தேதியிட்ட புதிய ஃபோல்டரில் நகலெடுத்து, அதிலிருந்தே ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றிவிடுகிறேன். செருகியே வைத்திருந்தால், கணினியைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.