உச்ச கிலோவாட் போதாது, முழு வளைகோட்டையும் தாருங்கள்

மின்சார கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், வேகச் சார்ஜிங் நிலையங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் சார்ஜிங்கைப் பற்றி இரண்டே எண்கள்தான் வருகின்றன. ஒன்று, அதிகபட்சம் இத்தனை கிலோவாட். இன்னொன்று, 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற இத்தனை நிமிடம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இவற்றை மட்டும் நம்பி நெடும்பயணம் கிளம்புகிறவருக்கு எங்கே நிறுத்துவது, எப்போது பிளக்கைக் கழற்றுவது என்று தெரியாது. அவருக்கு வேண்டியது சார்ஜிங் வளைகோடு. பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருக்கும்போது கார் எத்தனை கிலோவாட் வாங்கும் என்று காட்டும் படம் அது. அதைக் காரோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் படம் கையில் இல்லாததால் என்ன ஆகிறது என்பதை எந்தச் சார்ஜிங் நிலையத்திலும் பார்க்கலாம். 150 கிலோவாட் என்று எழுதிய சார்ஜரில் ஒரு கார் நிற்கும். 84 சதவீதத்தில் அது வாங்குவது வெறும் 30 கிலோவாட். சார்ஜர் பழுது என்று நினைத்து ஓட்டுநர் பக்கத்து சார்ஜருக்கு மாறுவார். அங்கேயும் அதே 30. திட்டு என்னவோ சார்ஜருக்குத்தான் விழும். ஆனால் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று நொடிக்கு நொடி கேட்பது கார்; சார்ஜர் தன்னால் முடிந்த அளவுக்குள் கேட்டதைக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கார் ஏன் குறைத்துக் கேட்கிறது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்முனைக்கு வந்து, அங்கிருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. கிராஃபைட் முழுவதும் நிரம்பினால் ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கு. காலியாக இருக்கும்போது அயனிகள் சட்டென்று உள்ளே போய்விடும். நிரம்ப நிரம்ப, உள்ளே இடம் தேடிப் பரவ நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் மின்னோட்டத்தைத் தள்ளினால், வந்த லித்தியம் உள்ளே போக முடியாமல் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். நன்றாக நிரம்பிய கிராஃபைட்டுக்கும் அந்த ஆபத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 0.1 வோல்ட்கூட இல்லை. அதிக மின்னோட்டம் அதை நொடியில் தின்றுவிடும். படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பி வராது, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. குளிரில் அயனிகள் இன்னும் மெதுவாகப் பரவுவதால் இந்தத் தொல்லை சீக்கிரமே தலைகாட்டும்.

இதோடு மின்னழுத்த வரம்பும் சேர்கிறது. நிக்கல் வகை செல் ஒன்றைச் சுமார் 4.2 வோல்ட்டுக்கு மேலும், இரும்பு பாஸ்பேட் வகையைச் சுமார் 3.65 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றக் கூடாது. அந்த உச்சியைத் தொட்டபின் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் ஒரே வழி. கடைசிச் சில சதவீதங்கள் ஊர்ந்து போவது இதனால்தான்.

ஆக, 80 என்பது மந்திர எண் எதுவுமில்லை. பல கார்களில் இறக்கம் 30 அல்லது 40 சதவீதத்திலேயே தொடங்கிவிடுகிறது. 80க்குப் பிறகு அது கண்ணில் படுகிறது, பொறுமையையும் சோதிக்கிறது. விளம்பரத்தில் 80 வரை கணக்குச் சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்வது ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

சரி, வளைகோடு கையில் இருந்தால் என்ன செய்யலாம்? கணக்கு எளிதாக வர ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்கிறேன். பயன்படுத்தக்கூடிய பேட்டரி 60 கிலோவாட் மணி, உச்சம் 120 கிலோவாட். ஒவ்வொரு 10 சதவீதமும் 6 கிலோவாட் மணி. இந்தக் கார் 10 முதல் 30 சதவீதம் வரை 120 கிலோவாட் வாங்குகிறது, 50 வரை 90. அடுத்த பத்தில் 72, அதற்கடுத்து 60, 80ஐ எட்டும் பத்தில் 45. பிறகு 90 வரை 30, கடைசிப் பத்தில் சராசரியாக 12. நிமிடமாக மாற்றினால் முதல் இரண்டு பத்துகளுக்கும் மும்மூன்று நிமிடம், அடுத்த இரண்டுக்கும் நந்நான்கு, பிறகு 5, 6, 8 என்று 80 வந்துவிடும். மொத்தம் 33 நிமிடம். அடுத்த பத்துக்கு 12, கடைசிப் பத்துக்கு 30. கடைசி 20 சதவீதத்துக்கு 42 நிமிடம்! முதல் 70 சதவீதத்துக்கு ஆனதைவிட அதிகம்.

இந்தக் காரில் 510 கிலோமீட்டர் போக வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் கிலோவாட் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால், 10 சதவீதத்துக்கு 30 கிலோமீட்டர். முழு சார்ஜில் கிளம்பி 270 கிலோமீட்டர் போகும்போது 10 சதவீதம் மிஞ்சும். மீதி 240 கிலோமீட்டர். போய்ச் சேரும்போதும் 10 மிஞ்ச வேண்டுமென்றால் 80 சதவீதம் ஏற்ற வேண்டும்.

ஒரே இடத்தில் நின்று 10லிருந்து 90 வரை ஏற்றினால் 45 நிமிடம். அதையே இரண்டாகப் பிரித்து, 270ஆவது கிலோமீட்டரில் 10லிருந்து 50, 120 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி 10லிருந்து 50 என்று ஏற்றினால் பதினான்கும் பதினான்கும் 28 நிமிடம். கூடுதலாக ஒருமுறை சாலையை விட்டு இறங்கி, பிளக்கை மாட்டி, திரும்ப ஏற ஆறு நிமிடம் போட்டாலும் 34. பதினொரு நிமிடம் மிச்சம். ஏற்றிய மின்சாரம் இரண்டிலும் ஒன்றுதான்.

பாதி பேட்டரி இருக்கும்போதே பதறி நிறுத்துகிறவருக்கு இதே கணக்கு எதிராகத் திரும்பும். அவர் 40 சதவீதத்தோடு வந்து 80 வரை ஏற்றினால் 23 நிமிடம். 10 சதவீதத்தோடு வந்தவர் அதே 40 சதவீதத்தைப் பதினான்கு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. மேலே சொன்ன கணக்கு, கார் கேட்டதையெல்லாம் கொடுக்கும் சார்ஜருக்கு மட்டுமே பொருந்தும். அதே காரை 50 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் 70 சதவீதம் வரை கோடு தட்டையாகிவிடும், ஒவ்வொரு பத்துக்கும் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே நிறுத்தத்தில் 90 வரை போக 63 நிமிடம். இரண்டாகப் பிரித்தால் சார்ஜுக்கு 58, அலைச்சலுக்கு ஆறு. ஆக ஒன்றும் மிச்சமில்லை! மெதுவான சார்ஜரில் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே மேல். அடுத்த நிலையம் தொலைவில் இருந்தாலும், அங்கே சார்ஜர் ஒழுங்காக வேலை செய்யுமா என்ற சந்தேகம் இருந்தாலும், போய்ச் சேரும் இடத்தில் சார்ஜ் செய்ய வழியே இல்லாவிட்டாலும் 80ஐத் தாண்டி ஏற்றத்தான் வேண்டும். 10 சதவீத இருப்பு எல்லா நாளும் போதாது. எதிர்க்காற்று, மழை, குளிர், மலையேற்றம் இருந்தால் 15, 20 என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கார் தயாரிப்பாளர்களே, உங்கள் "33 நிமிடம்" எதை மறைக்கிறது என்று பாருங்கள். இன்னொரு கார் இதே 60 கிலோவாட் மணி பேட்டரியோடு, 10 முதல் 80 வரை ஒரே சீராக 76 கிலோவாட் வாங்குகிறது என்று வையுங்கள். அதற்கும் 33 நிமிடம்தான், விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் 10லிருந்து 50க்கு அந்தக் காருக்கு 19 நிமிடம் ஆகும். உச்ச கிலோவாட்டை மட்டும் பார்த்தால் முதல் கார் ஏதோ மடங்கு கணக்கில் வேகம் என்று தோன்றும். சின்னச் சின்ன நிறுத்தமாகப் போகிறவருக்கு முதல் கார், ஒரே நிறுத்தமாகப் போகிறவருக்கு எதுவானாலும் சரி. வாங்குகிறவர் இதை எந்த எண்ணிலிருந்து தெரிந்துகொள்வார்?

வெப்பநிலையைப் பொறுத்து வளைகோடு மாறும், அதனால்தான் வெளியிடுவதில்லை என்பீர்கள். மாறும்தான். பேட்டரி இத்தனை டிகிரியில், சார்ஜர் தடையில்லாமல் கொடுத்தபோது எடுத்தது என்று எழுதிவிடுங்கள். குளிர்ந்த பேட்டரிக்கு இன்னொரு கோடு பக்கத்திலேயே வரையுங்கள். மென்பொருள் புதுப்பிப்பில் வளைகோட்டை மாற்றினால் அதையும் சொல்லுங்கள். காரை ஒப்படைத்தபின் சார்ஜிங் வேகம் கூடவோ குறையவோ செய்தால், பணம் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா? இன்னொன்று: நிலையத்தை அடையும் முன்பே பேட்டரியைச் சூடாக்கும் வசதியைச் சில கார்களில், காரின் சொந்த வழிகாட்டியில் அந்த நிலையத்தைக் குறித்தால்தான் பெற முடிகிறது. கைபேசியில் வழி பார்த்து வருகிறவருக்கு அது கிடைப்பதில்லை. ஒரு பொத்தான் போதும்.

நிலையம் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. இப்போது மெதுவாக ஏறுவதற்குக் காரணம் எது என்று ஓட்டுநர் குத்துமதிப்பாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சதவீதம் ஏற ஏற வேகம் படிப்படியாக இறங்கினால், அது காரின் வளைகோடு. சதவீதம் ஏறியும் வேகம் ஏறக்குறைய அதே எண்ணில் நின்றால், அநேகமாகச் சார்ஜரின் வரம்பு. குறைவாகத் தொடங்கிப் போகப்போக நன்றாகக் கூடினால், குளிர்ந்திருந்த பேட்டரி சூடாகிறது. பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டியதும் சட்டென்று பாதியானால், இரண்டு இணைப்புகளும் ஒரே மின்சாரத்தைப் பங்குபோடுகின்றன.

ஓட்டுநர் இவ்வளவு துப்பறிய வேண்டிய அவசியமே இல்லை. கார் கேட்கும் மின்னோட்டமும் சார்ஜர் கொடுக்கும் மின்னோட்டமும் கேபிள் வழியாக ஓயாமல் பரிமாறப்படுகின்றன. சார்ஜர் தன் வரம்பைத் தொட்டுவிட்டால் அதையும் காருக்குச் சொல்கிறது. அந்த இரண்டு எண்களையும் உங்கள் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். "கார் கேட்பது 75 ஆம்பியர், தருவது 75" என்று இருந்தால் யாரும் அடுத்த சார்ஜருக்கு ஓட மாட்டார்கள். "கேட்பது 300, தருவது 150" என்று இருந்தால் ஓடுவார்கள். ஓடுவது சரியும்கூட.

கார் தயாரிப்பாளர்களிடம் கேட்பது ஒரு பக்கத் தாள். ஒவ்வொரு 5 சதவீதத்துக்கும் எத்தனை கிலோவாட், தொடக்கத்திலிருந்து எத்தனை நிமிடம். 5 சதவீதத்திலிருந்து 100 வரை, 80இல் வெட்டாமல். அதைக் காரின் கையேட்டிலும் விற்பனைப் பக்கத்திலும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுஞ்சாலையில் மின்சார கார் ஓட்டும் ஒருவர்